பேச்சின் இடைவெளியை எதை வைத்து நிரப்புவது: அங்கேயே பிடித்த ரூம் டோனா, பேட்டியிலிருந்து வெட்டிய துண்டா, லைப்ரரி ஒலியா?

பேட்டியை எடிட் செய்யும்போது "ம்ம்", இருமல், திரும்பச் சொன்ன வாக்கியம் என்று ஒவ்வொன்றாக வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று ஒன்றரை விநாடி காலி விட்டால், அங்கே முழு நிசப்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மைக் அணைந்துவிட்டதோ என்று கேட்பவருக்குத் தோன்றும். எந்த அறையும் முழு நிசப்தமாக இருப்பதில்லை. ஃபேன் இருக்கிறது, தெரு இருக்கிறது, குமரி மாவட்டத்தின் கரையோரம் என்றால் கடல் இருக்கிறது. பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒலி திடீரென்று அறுபடுவதைத்தான் காது பிடித்துவிடுகிறது.

நிரப்ப மூன்று வழிகள் உண்டு. பேட்டி எடுத்த இடத்திலேயே எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லித் தனியாகப் பிடிக்கும் ரூம் டோன் ஒன்று. பேட்டிக்குள்ளேயே பேச்சு நின்ற இடங்களிலிருந்து துண்டு எடுப்பது இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் ஒலி லைப்ரரி மூன்றாவது. எது நல்லது என்பதை அந்த அறையின் ஒலி சீராக ஓடுகிறதா, ஏறி இறங்குகிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை நாகர்கோவிலில் எடுத்த ஒரு பேட்டியையும் முட்டத்தில் எடுத்த ஒரு பேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

நாகர்கோவில் அறை: துண்டே போதும்

ஜன்னல் சாத்திய மாடி அறை, மேலே ஃபேன். அடியில் ஓடுவது ஒரே மாதிரியான இரைச்சல். இந்த மாதிரி இடத்தில் பேட்டிக்குள்ளிருந்து துண்டு எடுக்கும் வழி நன்றாகவே வேலை செய்கிறது. சில விஷயங்களில் தனியாகப் பிடித்த ரூம் டோனைவிட அது மேல். அதே மைக், அதே தூரம், மைக் ஒலியை ஏற்றும் அளவான கெயினும் அதே. பொருந்தாமல் போக வழியே இல்லை.

குறிப்பாக, போனிலோ மலிவான வயர்லெஸ் மைக்கிலோ எடுத்திருந்தால் துண்டுதான் பாதுகாப்பு. அவற்றில் பல, பேச்சு நின்றதும் கெயினைத் தானாக ஏற்றிவிடும். நாம் ஒரு நிமிடம் அமைதியாகப் பிடித்த ரூம் டோனில் ஃபேன் ராட்சசன் மாதிரி கேட்கும். பேச்சுக்கு நடுவில் அதே ஃபேன் அடக்கமாக இருக்கும். இரண்டும் ஒரே அறை என்று யாரும் நம்பமாட்டார்கள். இரைச்சலை அடக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் இதற்கு நேர்மாறாக, ரூம் டோனில் ஒன்றுமே இருக்காது.

துண்டு எடுப்பதில் கவனம் வேண்டியது இரண்டு இடங்களில். ஒரு சொல் முடிந்ததும் அதன் எதிரொலி அறையில் கொஞ்ச நேரம் தங்கும். அதனால் சொல் முடிந்து அரை விநாடி தள்ளித்தான் துண்டைத் தொடங்க வேண்டும். அடுத்த மூச்சு இழுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒரு விநாடிக்கும் குறைவாகத்தான் தேறும். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அதற்குள் இருக்கும் சின்ன நாற்காலிக் கிரீச்சு தாளம் போடத் தொடங்கும். வெவ்வேறு இடங்களிலிருந்து நாலைந்து துண்டுகள் எடுத்து, வரிசை மாற்றி ஒட்டினால் அது மறையும்.

ஒட்டும்போது ஒரு துண்டு அடங்க அடங்க அடுத்தது ஏறும் கிராஸ்ஃபேட் எந்த வகை என்பதும் முக்கியம். நேர்கோட்டில் இறங்கி ஏறும் கிராஸ்ஃபேடில், இரைச்சல் மாதிரியான ஒலிக்கு நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும். ஒவ்வொரு ஒட்டிலும் ஒலி லேசாக மூழ்கி எழுவது ஹெட்ஃபோனில் தெரியும். பிரீமியரில் `Constant Gain` என்பது இந்த நேர்கோடு. `Constant Power` தேர்ந்தெடுத்தால் பள்ளம் இல்லை. மற்ற மென்பொருள்களிலும் இதே இரண்டு வகை வேறு பெயரில் இருக்கும்.

முட்டம் வீடு: துண்டு தோற்கிறது

முட்டத்தில் கடலைப் பார்த்த ஓட்டு வீடு. முன்பு வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், திண்ணையில் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டே பேசினார். அங்கே அலை பாறையில் மோதுகிறது. ஒரு அலை எழுந்து, மோதி, தண்ணீர் பாறையிடுக்கில் வடிந்து, அடுத்தது வருவதற்குள் பத்து விநாடிக்கும் மேல் ஆகலாம். அடியில் ஓடும் ஒலிக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது என்பதுதான் இங்கே சிக்கல்.

"வள்ளம் திரும்பி வரல்ல" என்று சொல்லி முடிக்கிறார். அந்தக் கடைசிச் சொல்லுக்கு அடியில் ஒரு அலை எழத் தொடங்கியிருக்கிறது. அதற்குப் பின் அவர் சொன்னது வேறு கதை, அதை வெட்டியாகிவிட்டது. அடுத்து ஒட்டப்போகும் வாக்கியத்துக்கு அடியில் கடல் அமைதி. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விநாடி மௌனம் வேண்டும். முக்கால் விநாடித் துண்டுகளை ஒட்டிப் பார்த்தால் எழுந்த அலை மோதவே இல்லை. தண்ணீர் நடுக்காற்றில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு அழகாக கிராஸ்ஃபேட் போட்டாலும் இது சரியாகாது.

இங்கே காப்பாற்றியது தனியாகப் பிடித்த ரூம் டோன்தான். ஒரு நிமிடம் போதும் என்பது சீரான அறைக்குச் சொல்வது. கடலுக்கு மூன்று நிமிடமாவது வேண்டும். ஐந்து நிமிடம் இருந்தால் நிம்மதி. மைக்கை நகர்த்தக் கூடாது, கெயினைத் தொடக் கூடாது, பேசியவரும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

"ஒண்ணும் பேசாம இருந்தா என்னத்த மக்ளே பிடிப்ப?" என்று அவர் கேட்டார்.

"கடலத்தான் பாட்டா. நீங்க பேசும்போ பின்னால கேட்டதே, அத" என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தார்.

அந்த நீண்ட பதிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு எழுந்த ஒரு அலையைத் தேடினேன். அது மோதி வடிவது இரண்டு விநாடிக்குள் அடங்காது. அதனால் மௌனத்தை மூன்று விநாடியாக நீட்டினேன். அந்த வாக்கியத்துக்கு அந்த நீளம் இன்னும் பொருந்தியது. ஒட்டை மௌனத்துக்குள் வைக்கவில்லை. முதல் ஒட்டு "வரல்ல" என்ற சொல்லுக்கு அடியில். இரண்டாவது ஒட்டு அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லுக்கு அடியில். குரல் ஓடும்போது அடியில் நடக்கும் மாற்றத்தைக் காது கவனிப்பதில்லை. மௌனத்தின் நடுவில் ஒட்டினால் கவனிக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொரு சங்கடமும் வந்தது. நடுவில் கரண்ட் போய் உள்ளறை ஃபேன் நின்றுவிட்டது. ஃபேன் ஓடும்போது ஒரு ரூம் டோன், நின்ற பிறகு இன்னொன்று என்று இரண்டு தேவைப்பட்டது. பதிவின்போதே காதில் ஹெட்ஃபோன் இருந்தால்தான் இது அந்த நேரத்தில் தெரியும்.

இடைவெளியில் மட்டுமா, முழுக்கவா?

பலரும் செய்வது, ரூம் டோனை ஒரு தனி டிராக்கில் முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஓடவிட்டு, மேலே பேச்சை வைப்பது. வேகமான வழிதான், ஆனால் கணக்கு இடிக்கிறது. பேச்சு டிராக்கில் ஏற்கெனவே அறையின் இரைச்சல் இருக்கிறது. அதே அளவு இரைச்சலை இன்னொரு முறை சேர்த்தால் பேச்சுக்கு அடியில் 3 டெசிபல் கூடும். இடைவெளியில் ஒன்று மட்டும்தான் இருக்கும். ஆக, ஓட்டை அடைபடுவதில்லை. பெரிய பள்ளம் சின்னப் பள்ளம் ஆகிறது, அவ்வளவே. கூடவே பேச்சும் மங்குகிறது.

அடியில் முழுக்க ஓடும் ஒலி பள்ளத்தை மறைக்க வேண்டுமென்றால், அது அறையின் இரைச்சலைவிட 10 டெசிபலாவது சத்தமாக இருக்க வேண்டும். அப்போது வித்தியாசம் அரை டெசிபலுக்கும் கீழே போய்விடும், காதுக்குத் தெரியாது. அமைதியான அறையில் பிடித்த பேச்சுக்கு மேல் கடலையோ சந்தையையோ போடும்போது இது இயல்பாகவே நடக்கிறது. முட்டம் மாதிரி ஏற்கெனவே சத்தமான இடத்தில் 10 டெசிபல் கூட்டினால் பாட்டாவின் குரலே முங்கிவிடும்.

அதனால் என் வழக்கம் இது: முதலில் இடைவெளிகளை மட்டும் ரூம் டோனால் நிரப்பி, கண்ணை மூடிக் கேட்டால் ஒரே மூச்சில் பேசிய மாதிரி ஆக்குவேன். அது முடிந்த பிறகுதான் சுற்றுப்புறத்தைக் காட்டும் ஆம்பியன்ஸ் லேயர், அதுவும் தேவைப்பட்டால். ஆம்பியன்ஸை வைத்து வெட்டுகளை மறைக்கலாம் என்று தொடங்கினால் அதன் அளவை ஏற்றிக்கொண்டேதான் போக வேண்டியிருக்கும்.

லைப்ரரி எங்கே உதவும்

இடைவெளி நிரப்ப லைப்ரரியை நான் நம்புவதில்லை. வேறு அறை, வேறு மைக் என்பது ஒரு காரணம். மின்சாரம் இன்னொரு காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் கேட்கும். அமெரிக்காவில் பிடித்த அறை ஒலியில் அது 60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் அடியில் ஒரு கரகரப்பு வரும். மேலும் லைப்ரரி ஒலிகள் பெரும்பாலும் ஸ்டீரியோ. நடுவில் மட்டும் கேட்கும் மோனோ பேட்டியில் இடைவெளி வரும்போது அறை திடீரென்று இரண்டு பக்கமும் விரிந்து, குரல் வந்ததும் சுருங்கும். வேறு வழியே இல்லை என்றால் மோனோவாக மாற்றிய பிறகு பயன்படுத்தலாம்.

அகலமான ஆம்பியன்ஸுக்கு லைப்ரரி உதவும், ஆனால் இடம் பொருந்த வேண்டும். கடற்கரை என்று தேடினால் வருவதில் நிறைய, கூழாங்கல் கரையில் அலை சரசரவென்று இழுபடும் ஒலி. குளச்சல் மணலும் முட்டத்துப் பாறையும் அப்படிக் கேட்பதில்லை. அதன் மேல் ஐரோப்பியக் கடற்காகம் கத்திக்கொண்டிருக்கும். நம் கரையில் காக்கையும் செம்பருந்தும் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஒரு கத்தல் போதும், இது நம்ம ஊர் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மழை, தூரத்து இடி போன்றவற்றை எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. எடுக்கும் முன் உரிமத்தைப் பார்க்க வேண்டும். ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி உரிமம் இருக்கிறது: சில எதற்கும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டும், சில வணிகத்துக்குக் கூடாது. பிபிசியின் ஒலிக் களஞ்சியம் இலவசமாகத் திறந்திருப்பது சொந்த, கல்வி, ஆய்வுப் பயன்பாட்டுக்குத்தான்.

முட்டம் பேட்டியில் கடைசியாகச் சேர்த்தது இரண்டே சின்ன ஒலிகள். வலை முடையும்போது நூல் இழுபடும் ஒலியும், ஊசியைத் திண்ணையில் வைக்கும் ஒலியும். பேட்டி முடிந்த பிறகு மைக்கைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தனியாகப் பிடித்தவை. குரலைவிட 20 டெசிபல் கீழே, அவர் கை ஓடும் இடங்களில் மட்டும் வைத்தேன். அந்த மூன்று விநாடி மௌனத்தில் நூல் ஒலியை வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். அங்கே அலை மோதி வடிவது மட்டும் இருந்தால் போதும்.