வேகப்பந்து வீசும் பிள்ளைக்கு எந்தக் கோச்? இருவரை அருகருகே வைத்து ஓர் அலசல்

என் மகனுக்கு வயது 14. வலது கை வேகப்பந்து வீச்சாளன். அவனைச் சேர்க்க இரண்டு கோச்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். ஒருவர் மூத்தவர். அவருடைய அணி போட்டிக்குப் போனால் கோப்பையோடு திரும்பும் என்று பெயர் வாங்கியவர். இன்னொருவர் வயதில் இளையவர். அவருடைய அணி ஜெயிப்பதும் உண்டு, தோற்பதும் உண்டு. மகன் இருவரிடமும் பயிற்சி எடுத்துப் பார்த்தான். கடைசியில் இளையவரிடமே விட்டுவிட்டோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே வயதில், இதே வேலையைச் செய்யும் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நான் பார்த்தது உதவலாம்.

எல்லோரும் முதலில் பார்க்கும் விஷயங்களில் இருவரும் சமம்தான். நேரத்துக்கு வருகிறார்கள், பிள்ளைகளை மரியாதையாக நடத்துகிறார்கள், முதலுதவிப் பெட்டி கையோடு இருக்கிறது, ஹெல்மெட் இல்லாமல் யாரையும் பேட்டிங் செய்ய விடுவதில்லை. ஒரே ஒரு வித்தியாசம், ஹெல்மெட்டில் பந்து பட்ட பிறகு. மூத்தவர் “ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டு, பிள்ளை தலையாட்டினால் ஆட்டத்தைத் தொடர்வார். இளையவர் தலைச்சுற்றல், குமட்டல், பார்வை மங்கல் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் கிடையாது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அதே நாளில் திரும்ப ஆட விடக்கூடாது என்பதுதான் விளையாட்டு மருத்துவத்தின் நிலைப்பாடு.

நுட்பத்துக்கு வருவோம். பந்து எங்கே விழுகிறது என்பதில்தான் மூத்தவரின் கண் இருக்கும். “லெங்த்தைப் பின்னால இழு, ஸ்டம்பைப் பார்த்துப் போடு” என்பார். அது உடனே வேலை செய்யும், விக்கெட்டும் விழும். யார்க்கர் போடவும், பேட்ஸ்மேனின் கால் நகர்வைப் பார்த்து அடுத்த பந்தைத் தீர்மானிக்கவும் என் மகன் கற்றுக்கொண்டது அவரிடம்தான். இந்த விஷயத்தில் இளையவர் அவருக்கு ஈடில்லை.

இளையவர் பந்தைப் பார்ப்பதற்கு முன் உடம்பைப் பார்ப்பார். முதல் வாரமே செல்போனை ஸ்லோமோஷனில் வைத்து மகனின் பந்துவீச்சைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் பிடித்தார். பின்கால் கிரீஸில் ஊன்றும் இடத்தில் படத்தை நிறுத்திக் காட்டினார். இடுப்பும் தோளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இரண்டும் பேட்ஸ்மேனைப் பார்த்தால் ஃபிரண்ட்-ஆன், இரண்டும் பக்கவாட்டில் இருந்தால் சைட்-ஆன். இரண்டில் எதுவானாலும் சரி. என் மகனுக்கோ பின்பாதமும் இடுப்பும் பேட்ஸ்மேனைப் பார்த்தன. பந்தை விடுவதற்கு முன் தோள் மட்டும் பக்கவாட்டுக்குத் திரும்பி, மறுபடி சுழன்று வந்தது. இதைத்தான் மிக்ஸ்டு ஆக்‌ஷன் என்கிறார்கள். இப்படி வீசும்போது கீழ்முதுகு ஒரே நேரத்தில் முறுக்கிக்கொண்டு, பின்னால் வளைந்து, பக்கவாட்டிலும் சாய்கிறது. அந்த நொடியில்தான் முன்கால் தரையில் மோதி, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. முதுகெலும்பின் நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளில் நுண்முறிவு வருவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று என்று பல ஆண்டு ஆய்வுகள் சொல்கின்றன.

அவர் இதை ஒரே நாளில் மாற்ற முயலவில்லை. போட்டி இல்லாத மாதங்களில், ரன்-அப் இல்லாமல் நின்ற இடத்திலிருந்து, அப்புறம் இரண்டு எட்டு நடந்து, அப்புறம் மெதுவாக ஓடி என்று பின்பாதத்தின் திசையை மட்டும் திருத்தினார். போட்டிக் காலத்தில் ஆக்‌ஷனில் கை வைப்பதே இல்லை. நடுவில் மாற்றினால் பிள்ளை பழையதையும் புதியதையும் கலந்து வீசி இன்னும் சிக்கலாக்கிக்கொள்வான் என்பது அவருடைய வாதம்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ஆக்‌ஷன் இல்லை, எண்ணிக்கை. வாரத்துக்கு மொத்தம் எத்தனை பந்து என்ற கணக்கு. ஒரு கோச்சிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் வாய்க்கும் என்றால் இதைத்தான் கேட்கச் சொல்வேன்.

பள்ளி வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் ஒரு வரம்பு வகுத்தது. 13 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 14, 15 வயதுக்குட்பட்டோருக்கு ஸ்பெல்லுக்கு 6, நாளுக்கு 12. பயிற்சிக்கும் வரம்பு உண்டு. 15 வயதுக்குட்பட்டோர் ஒரு பயிற்சியில் 36 பந்து, வாரத்துக்கு இரண்டு பயிற்சி. ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் பந்து வீசக்கூடாது.

இதை வைத்து ஒரு வாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூத்தவரிடம் திங்கள், புதன், வெள்ளி நெட்ஸ். பேட்ஸ்மேன்கள் மாறி மாறி வருவார்கள், நல்ல வீச்சாளர்கள் மட்டும் மாறாமல் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நாற்பது நிமிடத்தில், நாற்பது நொடிக்கு ஒன்று என்று வைத்தாலும் 60 பந்து. மூன்று நாளைக்கு 180. சனிக்கிழமைப் போட்டியில் 8 ஓவர், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு 8 ஓவர், ஆக 96. மொத்தம் 276. போட்டியில் அவர் விதியை மீறவில்லை. எந்த நாளிலும் 12 ஓவரைத் தாண்டவில்லை. ஆனால் நெட்ஸில் போட்டதை யாரும் எண்ணவில்லை, ஐந்து நாள் வீசியதையும் யாரும் கவனிக்கவில்லை. இளையவரிடம் செவ்வாய், வியாழன் 36 வீதம் 72, சனிக்கிழமை 8 ஓவர், மொத்தம் 120. ஞாயிற்றுக்கிழமை போட்டி இருந்தால் அவன் பேட்டிங், ஃபீல்டிங் மட்டும். ஒரே பிள்ளை, ஒரே வாரம், சுமையோ இரண்டு மடங்குக்கும் மேல்.

மொத்த எண்ணிக்கையைப் போலவே திடீர் ஏற்றமும் ஆபத்து. தேர்வுக்காக ஒரு மாதம் பந்தையே தொடாத பிள்ளை, விடுமுறை தொடங்கிய முதல் வாரமே முழுச் சுமைக்குத் திரும்புவது சகஜம். இளையவரின் நோட்டில் அந்த இடைவெளி தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: தேதி, நெட்ஸ் பந்து, போட்டிப் பந்து, வேறு எங்காவது வீசியது, வலி உண்டா. ‘வேறு எங்காவது’ என்ற கட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தெரு ஆட்டம், பள்ளி அணி என எல்லாம் அதில் வரும். இடைவெளிக்குப் பிறகு முதல் வாரம் ஒரு பயிற்சிக்கு மூன்று ஓவர்தான் கொடுப்பார், பிறகு வாரா வாரம் கொஞ்சம் கூட்டுவார்.

அணித் தேர்வு நியாயமும் இந்த எண்ணிக்கையோடுதான் சேர்ந்திருக்கிறது. மூத்தவரின் ஸ்கோர்புக்கைப் புரட்டினால், போட்டிக்குப் போட்டி அதே நான்கு பேர்தான் பந்து வீசியிருப்பார்கள். அணியில் பெயர் இருந்தும் மூன்று நான்கு பிள்ளைகள் ஒரு பந்தும் வீசாமல், ஒரு பந்தும் ஆடாமல் வீடு திரும்பியிருப்பார்கள். வாய்ப்பே கிடைக்காத பிள்ளைக்கு அது அநீதி என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எப்போதும் வாய்ப்புக் கிடைக்கும் பிள்ளையின் முதுகு தேய்வது மட்டும் தெரிவதில்லை. இளையவர் குறைந்தது ஆறு பேரைப் பந்து வீசவைப்பார். எட்டாம் எண்ணில் ஆடியவன் அடுத்த போட்டியில் நான்காம் எண்ணில் வருவான். யாரையாவது விட்டால், பட்டியல் ஒட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்வார். அதனால் அவர் சில போட்டிகளைத் தோற்கிறார் என்பதும் உண்மை.

ஸ்கோர்புக்கோடு இன்னும் இரண்டு விஷயங்களையும் பார்க்கலாம். கோச்சிடம் தனி வகுப்பு எடுக்கும் பிள்ளைகள்தான் தொடர்ந்து தேர்வாகிறார்களா என்பது ஒன்று. மற்றது பிறந்த மாதம். வயது வரம்புத் தேதிக்குப் பின் சீக்கிரம் பிறந்தவர்கள் அந்தப் பிரிவிலேயே மூத்தவர்கள், உயரமும் பலமும் கூடியவர்கள். அணி முழுக்க அவர்களே இருந்தால், கோச் திறமையைப் பார்க்காமல் வளர்ச்சியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார் என்று அர்த்தம். இந்த விஷயத்தில் இளையவரின் அணியும் சுத்தமில்லை. அவருடைய வேகப்பந்து வீச்சாளர்களில் என் மகன் உட்படப் பெரும்பாலோர் முன்மாதக்காரர்கள்தான்.

வலி என்று பிள்ளை சொன்னால் கோச் என்ன செய்கிறார் என்பதில் கடைசி வித்தியாசம். மூத்தவரிடம் ஒரு பையன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஸ்ப்ரே அடித்து “இன்னும் ரெண்டு ஓவர்தான்டா” என்றார். கெட்ட எண்ணம் இல்லை, ஆட்டம் நெருக்கத்தில் இருந்தது. இளையவரிடமும் ஒருவன் அதே மாதிரி, “சார், இடுப்புக்கு மேல லேசா பிடிக்குது” என்றான். அவர் பந்தை வாங்கிக்கொண்டு, “இடது கால்ல மட்டும் நின்னு மெதுவாப் பின்னால வளைடா” என்றார். வளைந்ததும் பையன் முகம் சுளித்து இடது பக்கம் கை வைத்தான். வலது கை வீச்சாளனுக்கு இடது பக்கக் கீழ்முதுகு வலி என்றால் நுண்முறிவைச் சந்தேகிக்க வேண்டும். வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் அது பெரும்பாலும் வரும். வீசினால் வலித்து, ஓய்வெடுத்தால் அடங்கி, மறுபடி வீசினால் திரும்புவது இன்னொரு அடையாளம். அன்றே அவனுடைய அப்பாவுக்குப் போன் போட்டு, விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போகச் சொன்னார். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படலாம் என்பதையும் சொல்லி அனுப்பினார். அந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் சில மாத ஓய்வோடு எலும்பு கூடிவிடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. விட்டால் முழு முறிவாகி, ஆறுவதும் கடினமாகும்.

இவ்வளவும் வேகப்பந்து வீச்சை வைத்துச் சொன்னது. என் பிள்ளை சுழற்பந்து வீச்சாளனாகவோ விக்கெட் கீப்பராகவோ இருந்திருந்தால் எண்ணிக்கைக்கு இவ்வளவு எடை கொடுத்திருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. அந்த அனுபவம் எனக்கு இல்லை. பேட்டிங் மட்டும் என்றால் மூத்தவரிடமே விட்டிருக்கவும் கூடும். தேர்வாளர்கள் வந்து பார்ப்பதும் கோப்பை வெல்லும் அணியைத்தான், அந்த இழப்பும் உண்மையானதே. எலும்பு இன்னும் கொஞ்சம் முற்றிய பிறகு, 18, 19 வாக்கில், மகன் கேட்டால் மூத்தவரிடம் திரும்ப அனுப்பத் தயாராக இருக்கிறேன். அப்போதும் அந்த நோட்டைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவேன்.