‘நான்தான் செய்தேன்’, ‘இதில் என் வேலை இது’

நேர்காணலில் ஒரே வேலையை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று: "பில்லிங் மென்பொருளை நான்தான் வேகமாக்கினேன்." இன்னொன்று: "ஆறு பேர் சேர்ந்து அதை வேகமாக்கினோம். எந்த இடத்தில் தாமதமாகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மாற்றி எழுதியது நான். சோதனையை இன்னொருவர் பார்த்துக்கொண்டார்."

முதலாவது கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ‘தான்’ மற்ற ஐந்து பேரையும் வெளியே தள்ளிவிடுகிறது. "அப்போது மற்றவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டால் தடுமாற்றம்தான். இரண்டாவதில் பலன் ‘நாங்கள்’, செயல் ‘நான்’. எவ்வளவு துருவிக் கேட்டாலும் சொல்ல விவரம் இருக்கும். சரி, அடக்கம் என்று எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’ போட்டால்? நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போகும்.