புது போர்டு போட்டதாக பில், பழைய போர்டுதான் என்று லாக்

பாளையங்கோட்டைப் பக்கம் ட்ரோனை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் எஸ்டி கார்டில் இருக்கும் லாக் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்து வைத்திருந்ததால்தான் 14,000 ரூபாய்க்குக் கணக்குக் கேட்க முடிந்தது.

கல்லிடைக்குறிச்சி வாழைத் தோட்டங்களைப் படம் எடுக்க வைத்திருக்கும் நாலு மோட்டார் ட்ரோன், ஓடுவது ஆர்டுபைலட் சாஃப்ட்வேரில். உயரத்தைப் பிடித்து நிற்க விட்டால் நடுங்கிக்கொண்டு தானாக மேலே ஏறியது. கடைக்காரர் முதலில் "ஆடிக் காத்துல்லா அண்ணாச்சி" என்றார், இரண்டு நாள் கழித்து, ட்ரோனைக் கட்டுப்படுத்தும் "போர்டு போயிட்டு" என்றார். அந்த 14,000-ஐக் கட்டிக் கொண்டுவந்தேன், அதே ஏற்றம்.

அப்புறம்தான் லாகை மிஷன் பிளானர் சாஃப்ட்வேரில் திறந்தேன். அதிர்வைப் பதியும் VIBE வரிசையில், மேல்கீழ் அதிர்வான VibeZ 15-க்குள் இருந்தால் கவலையில்லை, 30-ஐத் தாண்டினால் சிக்கல். என்னுடையது நின்ற இடத்திலேயே 40, கூடவே Clip0 எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, அதாவது அதிர்வு சென்சார் அளக்கக்கூடிய எல்லையையே முட்டுகிறது. அந்தத் தப்பான அளவை நம்பி ட்ரோன் தான் இறங்குவதாக நினைத்து த்ராட்டிலைக் கூட்டுகிறது. காற்றா என்று பார்க்க, இலை அசையாத விடியற்காலையிலும் பறக்கவிட்டேன், அதே 40.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதை VIBE சொல்லாது. சென்சார் அளவுகளை விரிவாகப் பதிய INS_LOG_BAT_MASK-ஐ 1 ஆக்கி, கைமீறிப் போகாதபடி தாழ்வாக இரண்டு நிமிடம் அந்தரத்தில் நிறுத்தி, அந்த லாகை, அதிர்வை ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரித்துக் காட்டும் FFT-யில் போட்டேன். 80 ஹெர்ட்ஸில் பனைமரம் மாதிரி ஒற்றைக் கூர், 160-இல் சின்னதாக ஒன்று. 80-ஐ 60-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 4,800 சுற்று, டேக்கோமீட்டரில் மோட்டார் ஓடும் வேகமும் ஏறக்குறைய அதுதான். இரண்டு இலை புரொப்பல்லரில் இலைகள் காற்றை வெட்டும் அதிர்வு சுற்றுக்கு இரண்டு, அது 160-இல் விழும். சுற்றுக்கு ஒன்று என்றால் எதுவோ ஒரு பக்கம் கனமாக இருக்கிறது.

நாலில் எது என்று கிராஃப் காட்டாது. ஒவ்வொன்றாகக் கழற்றி பேலன்ஸரில் வைத்தேன். முன் இடது புரொப்பல்லரில் ஒரே முனை திரும்பத் திரும்பக் கீழே இறங்கியது, எதிர் முனையில் உடைமரத்தில் உரசிச் சில்லு போயிருந்தது, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. புதுசு மாட்டியதும் VibeZ 9, Clip0 ஏறவே இல்லை. சில நூறு ரூபாய் வேலை.

சரி, போர்டு? லாகின் தொடக்கத்தில் MSG வரிகளில் போர்டின் பெயரோடு 24 இலக்க அடையாள எண் ஒன்று பதிவாகும், அது சிப்புக்குச் சிப்பு வேறு. சர்வீஸுக்கு முந்திய லாகிலும் பிந்திய லாகிலும் ஒரே எண்! இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் "பழசையே சரிபண்ணிட்டோம்" என்றார்கள், பில்லில் புது போர்டு என்றுதான் இருக்கிறது. 7,000 திரும்பி வந்தது, மீதிக்கு இந்த சனிக்கிழமை மறுபடி போகிறேன், இரண்டு லாகையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு.