க்ரூஸ் போட்ட கார், நிற்கிற லாரி: 41,000 கிலோமீட்டர் அனுபவம்

கார் வாங்கி இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. மீட்டரில் 41,000 கிலோமீட்டர். பாதிக்கு மேல் சென்னை - திருச்சி சாலையில் ஓடியது, மாமனார் வீடு அங்கே. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ், லேனுக்குள் காரைப் பிடித்து வைக்கும் லேன் கீப்பிங், முன்னும் பின்னும் பார்க்கிங் சென்சார், மூன்றும் இதில் உண்டு. மூன்றையும் தினசரி பயன்படுத்துகிறேன். பிடித்தும் இருக்கிறது. ஆனால் முதல் ஆறு மாதம் அவற்றைத் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன்.

அது தெரிந்தது ஒரு காலை ஆறரை மணிக்கு. உளுந்தூர்பேட்டை தாண்டி பெரம்பலூர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். க்ரூஸ் 100-ல் செட் செய்திருந்தது. வலது லேனில் எனக்கு முன்னால் ஓர் ஆம்னி பஸ் 80-ல் போக, காரும் தானாக 80-க்கு இறங்கி அதன் பின்னாலேயே வந்தது. என் கால் இரண்டும் தரையில், சாவகாசமாக. திடீரென்று பஸ் இடது பக்கம் ஒதுங்கியது. அது விட்ட இடத்தில், மீடியன் அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடி ஒரு டேங்கர் லாரி நின்றுகொண்டிருந்தது. என் கார் பிரேக் போடவில்லை. வழி கிடைத்துவிட்டது என்று நினைத்து 100-ஐ நோக்கி வேகம் எடுக்க ஆரம்பித்தது.

பிரேக்கை நான்தான் மிதித்தேன். டேங்கருக்கு ஒரு கார் நீளம் இருக்கும்போது நின்றது.

கார் பழுதாகிவிட்டது என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடத் தயாராக இருந்தேன். அதற்கு முன் கையேட்டைத் திறந்தால், கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்: நின்றுகொண்டிருக்கும் வண்டிகளை க்ரூஸ் கண்டுகொள்ளாமல் போகலாம், முக்கியமாக முன்னால் போகும் வண்டி சட்டென்று லேன் மாறும்போது. வாங்கிய நாளில் நான் படித்தது ப்ளூடூத் இணைக்கும் பக்கத்தை மட்டும்தான்.

காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு கோபம் போய்விட்டது. முன் பம்பரில் இருக்கும் ரேடார், எதிரே உள்ள பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நம்மை நெருங்குகிறது என்று அளக்கிறது. நிற்கிற லாரி நம்மை எந்த வேகத்தில் நெருங்கும்? நம் கார் போகும் அதே வேகத்தில். அதே கணக்கில்தான் கைகாட்டிப் பலகையும், மேம்பாலமும், மீடியன் தடுப்பும் நெருங்குகின்றன. எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் ஒவ்வொரு பாலத்துக்கும் கார் நின்றுவிடும். அதனால் வேகமாகப் போகும்போது, தொடக்கத்திலிருந்தே நின்றுகொண்டிருக்கும் பொருளை இந்த மென்பொருள் பெரும்பாலும் ஒதுக்கி வைக்கிறது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த பஸ் நின்றால் நம் காரும் அழகாக நிற்கும், ஏனென்றால் அது ஓடுவதை ரேடார் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறது. டேங்கரை அது ஓடிப் பார்த்ததே இல்லை. முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் இருக்கிறதே என்றால், அது உதவும்தான். மோதப் போகிறோம் என்றால் கார் தானாகவே போடும் அவசர பிரேக்கும் தனியாக இருக்கிறது. இரண்டையும் நம்பி இருக்க வேண்டாம் என்று அதே கையேடு சொல்கிறது.

அன்றைய கணக்கைப் பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். பஸ் ஒதுங்கியபோது டேங்கர் ஏறக்குறைய 65 மீட்டர் தூரத்தில் இருந்திருக்கும். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி: 22 மீட்டர் காலி. காய்ந்த சாலையில் முழு பிரேக்கில் நிற்க இன்னும் 35 மீட்டர். ஆக 57. பிழைத்தேன். அந்த ஒரு நொடி, போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு நொடி ஆகியிருந்தால்? 79 மீட்டர். டேங்கருக்குள் போயிருப்பேன்.

அதிலிருந்து மாற்றிக்கொண்டவை சொற்பம். பஸ், லாரி போல முன்னால் பார்வையை மறைக்கும் வண்டியின் பின்னால் க்ரூஸில் போவதில்லை. இடைவெளியை எப்போதும் அதிகபட்சத்தில் வைக்கிறேன். அந்த இடைவெளியில் டூவீலர் புகுந்தால் கார் வெடுக்கென்று பிரேக் போடும், பின்னால் லாரி ஒட்டி வந்தால் அதுவே ஆபத்து. அதனால் ஊர் நெருங்கினாலே க்ரூஸை அணைத்துவிடுவேன். ராத்திரியில், டெயில் லைட் இல்லாமல் ஓரமாக நிறுத்தி, பின்னால் நாலு கல்லும் ஒரு வேப்பங்கிளையும் போட்டிருக்கும் லாரிகளை நினைத்தால் க்ரூஸ் பட்டன் பக்கமே கை போவதில்லை.

லேன் கீப்பிங் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. என் காரில் அது 60 கிலோமீட்டருக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். கேமரா வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறது, கோட்டை நோக்கிக் கார் சாய்ந்தால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புகிறது. கோடு அழிந்திருந்தாலும், மழை ராத்திரியில் சாலை பளபளத்தாலும், மாலை வெயில் நேராக அடித்தாலும், டிஸ்ப்ளேயில் பச்சைக் கோடு சத்தமில்லாமல் சாம்பல் நிறமாகிவிடும். அதை நாம்தான் கவனிக்க வேண்டும். மேம்பால வேலைக்காக டைவர்ஷன் போட்ட இடங்கள்தான் மோசம். பழைய கோடு அழியாமல் நேராகப் போகும், சாலை இடது பக்கம் வளையும், கார் பழைய கோட்டின் பேச்சைக் கேட்கும். கையில் ஓர் இழுப்பு தெரியும். எதிர்த்துத் திருப்பினால் உடனே விட்டுக்கொடுத்துவிடும், முரண்டு பிடிக்காது. ஆனால் கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும்.

பார்க்கிங் சென்சார் எளிமையானது என்று நினைத்தேன். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம், பழகிப்போன சமாச்சாரம். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. கோளாறு அந்த ஒலி பரவும் வடிவத்தில். அது பம்பர் உயரத்திலிருந்து கூம்பு போலப் பின்னால் விரிகிறது, பம்பருக்கு ஒட்டிக் கீழே அதற்குப் பார்வை கிடையாது.

எங்கள் தெருமுனையில் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு குத்துக்கல் உண்டு. ஒரு நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்று அடித்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன், சத்தம் நின்றது. சரி, வழி இருக்கிறது என்று விட்டேன். படார். தூரத்தில் இருந்தபோது கல் கூம்புக்குள் இருந்திருக்கிறது, நெருங்க நெருங்கக் கூம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. கல்லைத் தாண்டியதால் சத்தம் நின்றதாக நான் நினைத்தேன். மெல்லிய இரும்புக் கம்பியும் இப்படித்தான் சில நேரம் தப்பிவிடும். சென்சார் மேல் சேறு படிந்திருந்தாலோ ஒன்றுமே இல்லாத இடத்தில் கத்தும். இப்போது பீப் நடுவில் நின்றால் நானும் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கிறேன்.

பம்பருக்கு இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனேன். படிவத்தில் விபத்து நடந்த இடம், நேரம், அப்போது ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் எண் எல்லாம் கேட்டிருந்தார்கள். சென்சார் சத்தம் நின்றதைப் பற்றி நான் நாலு வரி எழுதினேன். சர்வேயர் அதைப் படித்துவிட்டு, "ஓட்டினது நீங்கதானே சார்?" என்று மட்டும் கேட்டு, என் லைசென்ஸை வாங்கி ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார்.