அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரு வரி

வீட்டில் புற்றுநோய் முற்றிய நிலையில் யாராவது இருந்து, மெடிக்ளெய்ம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தால், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

அப்பாவுக்குக் குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ஐந்து லட்ச ரூபாய் பாலிசி. "கேன்சருக்கு எல்லாமே கவர் ஆகும் சார்" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பினோம். இனி கீமோ வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, வயிறு நீர் கோத்து மூச்சு விடவே முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறு நாள். ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், தொற்றுக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள், மார்ஃபின் அளவைச் சரிசெய்தார்கள். பில் 84,000 ரூபாய். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை, கையிலிருந்து கட்டினோம். பிறகு க்ளெய்மும் நிராகரிப்பு.

காரணம், டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரி: "பாலியேட்டிவ் கேருக்காக அனுமதி". அதாவது நோயைக் குணமாக்க அல்ல, வலியையும் சிரமத்தையும் குறைக்கச் சேர்த்தது. இதை வைத்து Excl05 என்ற விலக்கைக் காட்டினார்கள். ஓய்வுக்காகவே சேர்வது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற பராமரிப்பு, இறுதிக்கட்ட நோயாளியின் உடல், மன, ஆன்மிகத் தேவைகளுக்கான சேவைகள், இவையெல்லாம் அதில் அடங்கும். பாலிசியை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இதே வாசகம்தான் இருக்கும்.

ஆனால் வயிற்று நீரை எடுப்பது பராமரிப்பு இல்லையே, சிகிச்சை. அதைத்தான் விடாமல் கேட்டோம். என்ன சிரமத்துக்காகச் சேர்த்தார்கள், என்னென்ன செய்தார்கள், வீட்டில் வைத்து ஏன் முடியாது என்று டாக்டர் தனிக் கடிதம் கொடுத்தார். நாள்வாரி மருந்துச் சீட்டையும் சேர்த்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினோம். பணம் வந்தது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

இறுதிக்கட்ட நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் இல்லமான ஹாஸ்பிஸின் செலவுதான் கடைசிவரை கிடைக்கவில்லை. அப்பா அங்கே 19 நாள் இருந்தார். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட ஒரு சிஸ்டர் வந்து வாயை ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அதைவிட நல்ல கவனிப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் பாலிசியின் கணக்கில் அது ஆஸ்பத்திரியே இல்லை. உள்ளூராட்சியில் பதிவு பெறாத இடம் என்றால், சிறிய ஊரில் குறைந்தது 10 படுக்கை, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊரில் 15, இருபத்துநான்கு மணி நேரமும் டாக்டர், நர்ஸ், அதோடு சொந்த ஆபரேஷன் தியேட்டர் இருக்க வேண்டும். கடைசி நாட்களைக் கழிக்கிற இடத்தில் தியேட்டர் எதற்கு? சேர்ப்பதற்கு முன் கால் சென்டரில் கேட்டபோது "பில்லை அனுப்புங்க, பார்க்கலாம்" என்றார்கள். அது கிடைக்காது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், அம்மாவின் வளையலை அடகு வைக்கும் முன் வேறு வழி யோசித்திருப்போம்.

இப்போது அம்மாவின் பாலிசி ரின்யூவலுக்கு வந்திருக்கிறது. ஹாஸ்பிஸ் செலவு, வீட்டுக்கு வரும் நர்ஸ் செலவு இரண்டும் உண்டா இல்லையா என்று மெயிலில் கேட்டிருக்கிறேன். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பிரீமியம் கட்டுவேன்.