பாஸுக்கு மதிப்பு போடுவது: சதவீதமா, எக்ஸ்டியா, வேப்பா?

கால்பந்தில் இரண்டு பாஸ்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, நடு டிஃபெண்டர் தன் பெனால்டி பாக்ஸுக்குச் சற்று முன்னால் நின்று, பக்கத்தில் இருக்கும் இன்னொரு டிஃபெண்டருக்குத் தட்டிவிடுவது. நூறு முறை கொடுத்தால் 98 முறை போய்ச் சேரும். இரண்டாவது, எதிரணி பாக்ஸுக்கு வெளியே இருக்கும் மிட்ஃபீல்டர், இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே உள்ளே நுழைக்கும் த்ரூ பால். பத்து முறை முயன்றால் நான்கு முறைதான் சேரும்.

பாஸ் சதவீதம் முதல் ஆளுக்கு 98 போடுகிறது, இரண்டாம் ஆளுக்கு 40. பந்தை இழக்காமல் இருந்தாரா என்பதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது. பந்து எங்கிருந்து எங்கே போனது, போனதால் கோல் வாய்ப்பு கூடியதா என்பதையெல்லாம் வேறு கணக்கிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு இன்று அதிகம் பேசப்படும் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று எக்ஸ்பெக்டட் த்ரெட், சுருக்கமாக எக்ஸ்டி. இன்னொன்று வேப். இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன, ஆனால் மைதானத்தை வெவ்வேறு விதமாகப் பார்க்கின்றன.

எக்ஸ்டியின் அடிப்படை எண்ணத்தை 2011-லேயே சாரா ரட், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் வாய்ப்புகளைக் கணக்கிடும் மார்க்கோவ் சங்கிலி முறையில் முன்வைத்தார். பின்னர் கருண் சிங் அதை எளிமையாக்கி, எக்ஸ்டி என்ற பெயரில் பரவலாக்கினார். அவர் மைதானத்தை 16-க்கு 12 என்று 192 கட்டங்களாகப் பிரித்தார். ஒரு கட்டத்தின் மதிப்பு என்பது, அங்கே இருக்கும் பந்து கோலில் முடியும் வாய்ப்பு. ஒரு கட்டத்தில் பந்து இருந்தால் அடுத்து இரண்டில் ஒன்று நடக்கும்: ஷாட் அடிப்பார்கள் அல்லது பந்தை நகர்த்துவார்கள். பாக்ஸுக்கு வெளியே ஒரு கட்டத்தில் பத்து சதவீதம் ஷாட் அடிக்கிறார்கள், அதில் நான்கு சதவீதம் கோல் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்தப் பங்கு 0.1 × 0.04 = 0.004. மீதி 90 சதவீதம் பந்து நகர்கிறது. நகர்ந்து சேரும் கட்டங்களின் சராசரி மதிப்பு, வழியில் தொலைந்தவற்றைப் பூஜ்யமாக எண்ணி, 0.029 என்றால் அந்தப் பங்கு ஏறக்குறைய 0.026. ஆக, கட்டத்தின் மதிப்பு சுமார் 0.03.

ஒரு கட்டத்தின் மதிப்பு மற்ற கட்டங்களின் மதிப்பை நம்பியிருப்பதால், எல்லாவற்றையும் பூஜ்யத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பக் கணக்கிடுவார்கள். நான்கைந்து சுற்றுகளிலேயே எண்கள் பெரும்பாலும் நிலைத்துவிடும். அப்புறம் பாஸின் மதிப்பு வெறும் கழித்தல்தான்: சேர்ந்த கட்டத்தின் மதிப்பிலிருந்து கிளம்பிய கட்டத்தின் மதிப்பைக் கழிக்க வேண்டும்.

நம் த்ரூ பால் 0.03-லிருந்து 0.12 மதிப்புள்ள கட்டத்துக்குப் போகிறது என்று வைப்போம். சேர்ந்தால் 0.09 லாபம். நான்கு சேர்ந்தால் 0.36. டிஃபெண்டரின் பக்கவாட்டுப் பாஸ் 0.005-லிருந்து 0.005-க்குப் போகிறது, லாபம் பூஜ்யம்.

இங்கேதான் எக்ஸ்டியின் வழக்கமான பயன்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. சேர்ந்த பாஸ்களை மட்டும் கூட்டிவிட்டு, தவறிய ஆறையும் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். அப்படிச் செய்தால் கண்மூடித்தனமாக முன்னால் தள்ளுபவர்தான் பட்டியலில் மேலே வருவார். சரிசெய்வது கடினமில்லை. பந்து தொலைந்தால் கையிலிருந்த மதிப்பும் போகிறது, எதிரணிக்கும் ஒரு மதிப்பு கிடைக்கிறது. எதிரணியின் மதிப்புக்கு அதே வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். த்ரூ பால் தவறினால் நமக்கு 0.03 போகும், அவர்களுக்கு அவர்கள் பாக்ஸ் பக்கம் 0.005 கிடைக்கும், மொத்தம் 0.035 நஷ்டம். ஆறு தவறுகளுக்கு 0.21. பத்து முயற்சிகளின் நிகர மதிப்பு 0.36 − 0.21 = 0.15. இந்த எண்களில் 28 சதவீதம் சேர்ந்தாலே அந்தப் பாஸ் லாபத்துக்கு வந்துவிடும். 40 சதவீதம் சேர்ப்பவரை ‘பந்தை வீணடிக்கிறார்’ என்று திட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இதிலேயே தெரிகிறது.

டிஃபெண்டரின் பாஸ் பறிபோனால் நமக்கு 0.005 போகும், நம் பாக்ஸுக்கு முன்னால் பந்து பெற்ற எதிரணிக்கு 0.03 கிடைக்கும், அதுவும் 0.035. நூறு பாஸ்களில் இரண்டு பறிபோனால் 2 × 0.035 = 0.07 நஷ்டம். 98 சதவீதம் சேர்ந்த பாஸ், மொத்தத்தில் மைனஸ்!

ஆனால் கவனியுங்கள், டிஃபெண்டரின் இழப்புக்கும் த்ரூ பால் இழப்புக்கும் ஒரே 0.035 வந்திருக்கிறது. பார்ப்பவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிஃபெண்டரிடமிருந்து பந்து பறிபோகும் நொடியில் அவருடைய அணி விரிந்து நிற்கிறது, எதிரே கோல்கீப்பர் மட்டுமே இருக்கலாம். எக்ஸ்டிக்கு அது தெரியாது. நிதானமாக அடுக்கி நிற்கும் தற்காப்புக்கு எதிராகவும், வேகமான கவுன்டர் அட்டாக்கிலும், ஒரே கட்டம் என்றால் ஒரே மதிப்புதான்.

வேப் இதற்காகவே வந்தது. லூவன் பல்கலைக்கழகத்தின் டாம் டெக்ரூஸும் ஜெஸ்ஸி டேவிஸும் சகாக்களுடன் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட முறை இது. இதில் கட்டங்கள் இல்லை. கடைசி மூன்று செயல்களின் வகை, இடம், முடிவு, இடையில் கடந்த நேரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஒரு இயந்திரக் கற்றல் மாதிரி இரண்டு நிகழ்தகவுகளை மதிப்பிடும்: அடுத்த பத்து செயல்களுக்குள் நாம் கோல் அடிப்போமா, நாம் வாங்குவோமா. ஒரு பாஸ் முதலாவதை எவ்வளவு கூட்டியது, இரண்டாவதை எவ்வளவு கூட்டியது, அந்த இரண்டின் வித்தியாசமே மதிப்பு. தவறிய பாஸுக்குத் தண்டனை இயல்பாகவே உள்ளே இருக்கிறது. சற்றுமுன் பந்து பறிபட்டது என்ற செய்தியும் மாதிரிக்குத் தெரியும், அதனால் நம் டிஃபெண்டரின் தவறு த்ரூ பால் தவறைவிடக் கனமாக விழ வழியுண்டு.

விலை இல்லாமல் இது கிடைக்காது. கோல் அபூர்வமான நிகழ்வு. பத்து செயல்களுக்குள் கோல் வந்த தருணங்கள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான். அதனால் நிறைய ஆட்டங்களின் தரவு இல்லாமல் பயிற்றுவித்தால் மாதிரி தற்செயலையே கற்றுக்கொள்ளும். ஏன் இந்தப் பாஸுக்கு 0.04 என்று பயிற்சியாளர் கேட்டால், எக்ஸ்டியில் இரண்டு கட்டங்களைச் சுட்டிக் காட்டலாம். வேப்பில் அவ்வளவு எளிதில் காட்ட முடியாது.

இரண்டுக்கும் பொதுவான குருட்டுத்தனம் ஒன்று உண்டு. இரண்டும் நம்பியிருக்கும் நிகழ்வுத் தரவு பந்தோடு நடக்கும் செயல்களை மட்டுமே பதிவு செய்கிறது, பந்து இல்லாத ஆட்டக்காரர்கள் அதில் இல்லை. ஓரத்தில் மூன்று பேரால் சூழப்பட்டவர் பின்னால் நிற்கும் டிஃபெண்டருக்குத் திருப்பிக் கொடுத்தால், எக்ஸ்டி 0.04-லிருந்து 0.01 என்று மைனஸ் போடும். உண்மையில் அவருக்கு மற்ற வழி பந்தை இழப்பதுதான். இதற்காகச் சிலர் மைனஸ் பாஸ்களை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பாதித் தீர்வாகத்தான் படுகிறது, ஏனென்றால் தேவையில்லாமல் பின்னால் கொடுப்பவரும் அதில் தப்பித்துக்கொள்வார். எல்லா ஆட்டக்காரர்களின் இடங்களும் உள்ள டிராக்கிங் தரவு இருந்தால்தான் இதைச் சரியாகப் பிரிக்க முடியும்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? ஒரு சீசன் தரவும் ஒரு மடிக்கணினியும் மட்டும் இருந்தால், இழப்பைக் கழித்த எக்ஸ்டி. பல லீக், பல சீசன் தரவு இருந்து, டிஃபெண்டர்களை ஒப்பிட வேண்டுமென்றால் வேப். பைத்தானில் `socceraction` தொகுப்பு இரண்டையும் தருகிறது, ஒரே தரவில் ஓட்டிப் பார்க்கலாம். பட்டியல் வந்ததும் முதலில் மேலே இருக்கும் பெயர்களைப் பாருங்கள். கார்னரும் ஃப்ரீகிக்கும் அடிப்பவர்களே வரிசையாக நின்றால், நின்ற பந்துகளைப் பிரிக்காமல் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்புறம் சீசனை இரண்டு பாதியாக வெட்டி, முதல் பாதியில் மேலே இருந்தவர்கள் இரண்டாம் பாதியிலும் மேலே இருக்கிறார்களா என்று பாருங்கள். இடங்கள் தாறுமாறாக மாறினால், அந்த எண்ணை வைத்து யாரையும் எடை போட வேண்டாம்.