கிழிந்த வலை: பொத்துவதா, எடைக்குப் போடுவதா?

பாம்பனில் சித்தப்பாவின் நைலான் வலை போன மாதம் பாறையில் மாட்டிக் கிழிந்தது. பொத்தலாம், அல்லது மறுசுழற்சிக்கு எடைக்குப் போடலாம்.

பொத்துவதற்கு ஊசியும் நூலும் பொறுமையும் போதும். ஆனால் வெயிலில் நூல் மொடமொடத்துப் போயிருந்தால் வீண்வேலை; புது முடிச்சை இழுக்கும்போதே பக்கத்துக் கண்ணி அறுந்துவிடும். ஓரத்துக் கண்ணி ஒன்றை விரலால் இழுத்துப் பார்த்தாலே தெரியும். சித்தப்பா பார்த்தார், தாங்கியது, இரண்டு நாளில் பொத்திவிட்டார். தாங்காமல் போயிருந்தாலும் கயிறு, மிதவை, ஈயக்குண்டு மூன்றையும் கழற்றிப் புது வலையில் கட்டியிருப்பார்.

எடைக்குப் போடுவதில் சிக்கல், நைலான் வலையும் பாலிஎத்திலீன் வலையும் கலந்துவிடுவதுதான். நைலான் 6 வலையை வேதிமுறையில் மூலப்பொருளாக்கிப் புது நூலாக்கலாம். பாலிஎத்திலீனைப் பெரும்பாலும் உருக்கி வார்க்கத்தான் செய்கிறார்கள். சின்னத் துண்டை நல்ல தண்ணீரில் அமுக்கிவிடுங்கள்: நைலான் மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும். மணலும் உப்பும் போகக் கழுவவும் வேண்டும்.

படகோனியா துணி நிறுவனம் இரண்டு பக்கமும் நிற்கிறது. 2011 நவம்பரில் ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’ என்று நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்தது. பழைய உடுப்பைத் தைத்துக் கொடுக்கிறது, வாங்கி விற்கிறது. தென் அமெரிக்க மீனவர்களின் பழைய வலையில் புது உடுப்பும் செய்கிறது. கடைசியில் சொன்னதும் புதுச் சரக்கு விற்பனைதானே!

நூல் தாங்கும்வரை பொத்துவதே என் கட்சி.